அஞ்சு ஜோடி, நாலு பேரு, மூணு பரிசு: பபுள்ல ஒரு சிப்போட விலை என்ன?

கையில ரெண்டு அஞ்சு வந்திருக்கு. எதிர்ல உக்காந்திருக்கறவர் எந்தக் கார்டு வந்தாலும் மொத்த சிப்பையும் ஒரே தடவையில பந்தயமா வெச்சு ஆல்-இன் தள்ளுற ஆளு. அதுக்கு சரிசமமா நீங்களும் சிப் வெச்சு கால் பண்ணா சராசரியா 1,430 சிப் லாபம், அதே காலால சராசரியா 3 பாயிண்ட் நஷ்டம். ரெண்டு கணக்கும் சரிதான், ரெண்டும் ஒரே கைக்குத்தான். இது எப்படி நடக்குதுன்னு எங்க செட்டுல ரெண்டு வாரமா வாக்குவாதம் ஓடினுகீது, அதான் உக்காந்து முழுசா எழுதிடலாம்னு.

நாங்க ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பசங்க பத்து பேரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கல்மண்டபம் பக்கத்துல ஒரு மொட்டை மாடியில டெக்ஸாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுவோம், ஆளுக்கு கையில ரெண்டு கார்டு, மேசையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு கார்டு. காசு கிடையாது. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஆன்லைன்ல பணம் வெச்சு ஆடற ஆட்டத்துக்கெல்லாம் தடை போட்டு சட்டம் கொண்டாந்ததுல இருந்து ஃபோன்ல ஆடினு இருந்தவங்களும் மாடிக்கு வந்துட்டாங்க. எங்களுது பாயிண்ட் லீக். ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஆளுக்கு 2,000 சிப், பத்து பேருக்கு 20,000. சிப் தீந்துச்சுன்னா எழுந்திரிச்சிடணும், திரும்ப வாங்க முடியாது. கடைசி வரைக்கும் நிக்கறவருக்கு 50 பாயிண்ட், ரெண்டாவதுக்கு 30, மூணாவதுக்கு 20. நாலாவதா வெளிய போறவருக்கு ஒண்ணுமே கிடையாது, பத்தாவதா போனவனும் அவரும் ஒண்ணுதான். வருஷக் கடைசியில பாயிண்ட் பட்டியல்ல யாரு மேல இருக்காங்களோ அவங்களுக்கு மத்தவங்க எல்லாம் சேந்து செலவு பண்ணணும், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, பேஜோல ஆரம்பிச்சு அது எங்க போய் முடியும்னு சொல்ல முடியாது.

காசா பாயிண்ட்டான்றது இந்தக் கணக்குக்கு முக்கியமே இல்ல. பரிசு படிப்படியா பிரிஞ்சிருக்கணும், கீழ ஒரு இடத்துல 'இதுக்கு மேல கிடைக்கும், இதுக்குக் கீழ பூஜ்யம்'னு ஒரு கோடு இருக்கணும், அவ்ளோதான். அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு ஆளு மட்டும் அதிகமா இருக்கற நேரத்துக்குப் பேருதான் பபுள். எங்க ஆட்டத்துல நாலு பேரு மிச்சம் இருக்கும்போது.

அன்னைக்கு நாலு பேருன்னா யாருன்னு சொல்லிடறேன். சேகர் அண்ணன் கிட்ட 8,000. தாமஸ் கிட்ட 5,000. என்கிட்ட 5,000. பாபு கிட்ட 2,000. கார்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு கட்டாயமா போட வேண்டிய பிளைண்ட் 200, 400. முதல்ல பேச வேண்டியது நான், கார்ட கீழ போட்டுட்டு ஃபோல்டு. அடுத்து டீலர் பட்டன்ல பாபு, அவனும் ஃபோல்டு. சின்ன பிளைண்ட்ல இருந்த சேகர் அண்ணன் கார்ட சரியா பாத்தாரான்னு கூட தெரியல, மொத்த சிப்பையும் ரெண்டு கையால முன்னாடி தள்ளிட்டாரு. பெரிய பிளைண்ட்ல தாமஸ், கையில அஞ்சு ஜோடி.

தாமஸ் ஒரு நிமிஷம் யோசிச்சான். "ண்ணா, நீ ஒண்ணுமே இல்லாமத்தான் தள்ற, எனக்குத் தெரியும்"னான். அண்ணன் சிரிச்சாரு, பதில் சொல்லல. தாமஸ் கால் பண்ணிட்டான்.

அண்ணன் கிட்ட ஜாக்கும் எட்டும். அஞ்சு கார்டும் வந்துச்சு, ஜாக்கும் வரல எட்டும் வரல, தாமஸ் ஜெயிச்சுட்டான். 5,000 இருந்த எடத்துல 10,000. மாடியில ஒரே சத்தம். இங்கதான் வாக்குவாதம் ஆரம்பம், ஏன்னா நான் "ஜெயிச்சது சரி, ஆனா கால் தப்பு"ன்னேன். "இன்னா நைனா, ஜெயிச்சவன போய் தப்புன்ற"ன்னு எல்லாரும் என் மேல பாய்ஞ்சாங்க.

முதல்ல தாமஸ் பக்கத்து நியாயத்த முழுசா சொல்லணும், ஏன்னா சிப்ப மட்டும் பாத்தா அவன் பண்ணதுல ஒரு குறையும் இல்ல. அவன் ஏற்கெனவே 400 பிளைண்ட் போட்டுட்டான், கால் பண்ணணும்னா இன்னும் 4,600 போடணும். ஜெயிச்சா மேசை நடுவுல சேந்த மொத்தப் பாட் 10,000. 4,600 போட்டு 10,000 எடுக்கணும்னா நூத்துக்கு 46 தடவை ஜெயிச்சாலே போதும், சரிக்கு சரி. ஏதோ ரெண்டு கார்டோட தள்றவருக்கு எதிரா அஞ்சு ஜோடி நூத்துக்கு 60 தடவை ஜெயிக்கும். 60.3-னு வெச்சுக்கோங்க. அப்போ சராசரியா கையில 6,030 சிப், ஃபோல்டு பண்ணா 4,600. வித்தியாசம் 1,430. முதல் பிளைண்ட் லெவல்ல யாராவது இந்த மாதிரி ஒரு வாய்ப்ப விட்டா நானே திட்டுவேன்.

ஆனா ஆட்ட முடிவுல தாமஸ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது சிப் இல்லையே, பாயிண்ட்டு. 5,000 சிப்புக்கு எத்தனை பாயிண்ட்டுன்னு தெரிஞ்சாத்தான் அவன் எதைப் பணயம் வெச்சான்னு தெரியும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு, பேரு இண்டிபெண்டன்ட் சிப் மாடல், போக்கர் ஆளுங்க சுருக்கமா ஐசிஎம்னு சொல்வாங்க. டேவிட் ஹார்வில்னு ஒரு புள்ளியியல்காரர் 1973-ல குதிரைப் பந்தயத்துக்காக எழுதின கணக்கு, ஒரு குதிரை முதல்ல வர வாய்ப்பு தெரிஞ்சா ரெண்டாவது, மூணாவதா வர வாய்ப்ப எப்படி கண்டுபிடிக்கறதுன்னு. அத 1987-ல மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டாந்தாரு. கேக்க பெருசா இருக்கும், உள்ள விஷயம் சின்னதுதான். முதலாவதா வர வாய்ப்பு உங்க சிப் பங்குக்கு சமம். தாமஸ் கிட்ட 20,000-ல 5,000, அப்போ கால் பங்கு, 25 சதவீதம். ரெண்டாவதா வர வாய்ப்புக்கு, ஒவ்வொருத்தரா 'இவரு முதலாவது'ன்னு நினைச்சு ஓரமா வெச்சுட்டு மிச்சம் இருக்கற சிப்புல தாமஸ் பங்கு எவ்ளோன்னு பாக்கணும். சேகர் அண்ணன் முதலாவதுன்னா மிச்சம் 12,000, அதுல தாமஸ் 5,000, கிட்டத்தட்ட 42 சதவீதம். இத மூணு பேருக்கும் பண்ணி கூட்டினா ரெண்டாவது வர வாய்ப்பு 28 சதவீதம் வரும். மூணாவதுக்கும் இதே வேலைதான், கொஞ்சம் நீளம், 29 வரும். இப்போ 50, 30, 20-ஆல பெருக்கி கூட்டுங்க.

கை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு பேரோட மதிப்பு இப்படி வருது. 8,000 வெச்சிருந்த அண்ணனுக்கு 33.5 பாயிண்ட். தாமஸுக்கும் எனக்கும் ஆளுக்கு 26.7. 2,000 வெச்சிருந்த பாபுவுக்கு 13.1.

இத ஒரு நிமிஷம் நின்னு பாக்கணும். அண்ணன் கிட்ட மொத்த சிப்புல 40 சதவீதம் இருக்கு, ஆனா மொத்தப் பாயிண்ட்டுல மூணுல ஒரு பங்குதான். பாபு கிட்ட 10 சதவீதம் சிப், ஆனா 13 சதவீதம் பாயிண்ட். அண்ணனோட நாலுல ஒரு பங்கு சிப்ப வெச்சிருக்கறவனுக்கு அவரு மதிப்புல அஞ்சுல ரெண்டு பங்கு. காரணம் நேரானது: மொத்த சிப்பையும் சுருட்டினா கூட உங்களுக்குக் கிடைக்கறது 50 தான், நூறு கிடைக்காது. மிச்ச 50-ஐ மத்தவங்க கையில கொடுத்துட்டுத்தான் எழுந்திரிக்கணும். அதனால குவியல் பெருசாக பெருசாக புதுசா வர ஒவ்வொரு சிப்புக்கும் விலை குறையும். உங்க கிட்ட கடைசியா மிச்சம் இருக்கற சிப்புக்குத்தான் விலை ரொம்ப அதிகம், ஏன்னா அது போனா கோட்டுக்கு வெளிய.

இப்போ தாமஸோட முடிவுக்கு வருவோம். ஃபோல்டு பண்ணியிருந்தா 400 பிளைண்ட் அண்ணனுக்குப் போகும், தாமஸ் கிட்ட 4,600 சிப், மதிப்பு 25.6 பாயிண்ட். கால் பண்ணி ஜெயிச்சா 10,000 சிப், மதிப்பு 37.3. கால் பண்ணி தோத்தா நாலாவது, பூஜ்யம். சிப்பு ரெண்டு மடங்குக்கு மேல ஆகுது, பாயிண்ட்டு ஒண்ணரை மடங்கு கூட ஆகல. அதாவது 11.7 பாயிண்ட் கூட கிடைக்கறதுக்காக 25.6 பாயிண்ட்ட மேசை மேல வெச்சான். இதுக்கு சரிக்கு சரி ஆகணும்னா எத்தனை தடவை ஜெயிக்கணும்? 25.6-ஐ 37.3-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 69 சதவீதம்.

சிப்புக்கு 46 போதும்னு சொன்ன அதே கால், பாயிண்ட்டுக்கு 69 கேக்குது. அஞ்சு ஜோடி 60. அந்த 60-ஐ 37.3-ஆல பெருக்குனா 22.5 பாயிண்ட், ஃபோல்டு பண்ணா 25.6. மூணு பாயிண்ட் போச்சு. ஜெயிச்ச கையிலயும் அந்த மூணு பாயிண்ட் போனதுதான், ஆனா 'போச்சு'ன்னா அன்னைக்குப் பட்டியல்ல தெரியாது, இதே முடிவ வருஷம் பூரா எடுத்தாத்தான் தெரியும். இதச் சொன்னா தாமஸ் கேக்கறான், "அப்போ எதுக்குத்தான் கால் பண்றது?"ன்னு. நல்ல கேள்வி.

அண்ணன் எந்த ரெண்டு கார்டோடயும் தள்றாருன்னே வெச்சுப்போம், அதுதான் கால் பண்றவருக்கு ரொம்ப சாதகமான நிலைமை. அப்பவும் 69 சதவீதத்தத் தாண்டற கை எட்டு ஜோடில இருந்து மேலதான்: எட்டு, ஒம்பது, பத்து, ஜாக், குயின், கிங், ஏஸ் ஜோடி. எட்டு ஜோடி 69.2, மயிரிழையில உள்ள வருது. ஏழு ஜோடி 66, வெளிய. ஒரே ஜாதி ஏஸ்-கிங் 67, அதுவும் வெளிய! இந்த எடத்துல தான் மாடியில யாருமே நம்ப மாட்டேன்னுட்டாங்க. ஏஸ்-கிங்க ஃபோல்டு பண்றவன் போக்கர் ஆடவே லாயக்கில்லன்னு ஒருத்தன். ஏஸ்-கிங்ல நஷ்டம் அரை பாயிண்ட்டு சொச்சம்தான், அதுக்குப் போய் சண்டை போட நான் தயாரில்ல, கால் பண்ணா கூட ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. ஆனா ஏஸ்-ஒம்பது, கிங்-குயின், நாலு ஜோடி, அஞ்சு ஜோடின்னு மனசு சொல்ற கையெல்லாம் வெச்சு கால் பண்றவங்க ஒவ்வொரு பபுள்லயும் ரெண்டு பாயிண்ட், மூணு பாயிண்ட், நாலு பாயிண்ட்னு கொட்டினு இருக்காங்க.

எங்க கொட்டறாங்கன்னு பாத்தா இன்னும் வேடிக்கை. தாமஸ் தோத்திருந்தா அவன் இழக்கறது 25.6 பாயிண்ட். சேகர் அண்ணனுக்குப் போறது அதுல வெறும் 8. மிச்சம் 17.5 எங்க? எனக்கும் பாபுவுக்கும். நாங்க ரெண்டு பேரும் கார்ட தூக்கிப் போட்டுட்டு சுண்டல் சாப்டுனு இருந்தோம். பாபு 2,000 சிப்போட 13 பாயிண்ட் மதிப்புல உக்காந்திருந்தவன், ஒரு சிப்பு கூட ஏறாம 25-க்கு மேல போயிருப்பான், ஏன்னா மூணு பேரு மிச்சம்னா 20 பாயிண்ட் உறுதி. தாமஸ் கால்னு சொன்ன நொடியில பாபு மூஞ்சிய பாத்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும், அவன் அண்ணன் ஜெயிக்கணும்னு வேண்டிட்டு இருந்தான். நானும் தான், மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

ரெண்டு பெரிய குவியல் மோதும்போது சுத்தி இருக்கறவங்களுக்குத்தான் லாபம். தாமஸ் ஜெயிச்சப்போ கூட பாருங்க, தாமஸுக்கு 11.7 ஏறுச்சு, ஆனா அண்ணனுக்கு, தாமஸ் ஃபோல்டு பண்ணியிருந்தா வந்திருக்க வேண்டிய 34.3-ல இருந்து 20.4-க்கு இறங்குச்சு, கிட்டத்தட்ட 14. நடுவுல இருக்கற 2 பாயிண்ட் மறுபடியும் எனக்கும் பாபுவுக்கும். யாரு ஜெயிச்சாலும் மோதின ரெண்டு பேரும் சேத்து பாத்தா நஷ்டம்தான்.

அப்போ சேகர் அண்ணன் தள்ளினது சரியா தப்பா? இது எதிராளிய பொறுத்தது, அதனால எனக்கு தாமஸ் காலை விட இதுதான் சுவாரசியம். தாமஸ் எட்டு ஜோடிக்கு மேல மட்டும் கால் பண்ற ஆளா இருந்தா நூறு கையில மூணு கையில தான் கால் பண்ணுவான். மிச்ச 97-ல 400 பிளைண்ட் சும்மா வருது. அப்போ அண்ணன் ஏழு-ரெண்டு வெச்சுகூட தள்ளலாம், கணக்குப்படி ஃபோல்டு பண்ணா 33.1, தள்ளினா 33.9 கிட்ட வருது. பெரிய குவியல்காரன் பபுள்ல ரவுடி மாதிரி ஆடறதுக்குக் காரணம் இதுதான், அவனால மத்தவங்கள வெளிய அனுப்ப முடியும், மத்தவங்களால அவன அனுப்ப முடியாது. ஆனா தாமஸ் நூத்துக்கு முப்பது கைக்கு கால் பண்ற ஆளுன்னா, அதாவது நம்ம நெஜ தாமஸ்னா, அதே ஏழு-ரெண்டு தள்ளல் 32-க்கு இறங்கிடும். ஃபோல்டே மேல். அண்ணன் கிட்ட நான் சொன்னது இதுதான்: "ண்ணா, பயப்படறவன் மேல தான் இந்த வித்தை பலிக்கும், கணக்கு தெரியாதவன் பயப்பட மாட்டான்". தாமஸுக்கு அது பிடிக்கல, விடுங்க.

இன்னொரு பக்கம் இருக்கு, இதத்தான் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க. "பபுள்ல இறுக்கி ஆடணும்"னு ஒரு வரியா மனப்பாடம் பண்ணிட்டு எல்லாத்துக்கும் ஃபோல்டு பண்றது. அதே தாமஸ், அதே பெரிய பிளைண்ட், அதே 5,000. ஆனா இந்தத் தடவை தள்றது அண்ணன் இல்ல, பட்டன்ல இருந்து பாபு, அவனோட 2,000. அண்ணன் ஃபோல்டு. இப்போ தாமஸ் இன்னும் 1,600 போட்டா பாட் 4,200 ஆகும். சிப் கணக்குல 38 சதவீதம் ஜெயிச்சா போதும். பாயிண்ட் கணக்க போட்டா? ஃபோல்டு 24.9, ஜெயிச்சா பாபு வெளிய போயிடுவான், தாமஸுக்கு 34.3, தோத்தா இன்னும் 3,000 சிப் கையில இருக்கும், மதிப்பு 18. சரிக்கு சரி ஆக வேண்டியது 42 சதவீதம். 38 இருந்த எடத்துல 42, அவ்ளோதான் ஏறுது.

அண்ணனுக்கு எதிரா 46, 69-ஆச்சு. பாபுவுக்கு எதிரா 38, 42-ஆச்சு. ஒரே ஆளு, ஒரே நாற்காலி, ஒரே பபுள். உங்கள மொத்தமா முடிக்கக்கூடியவர் கிட்ட மட்டும்தான் அந்தப் பெரிய அபராதம். உங்களால முடிக்கப்படக்கூடியவர் கிட்ட தோத்தாலும் உயிர் மிச்சம், ஜெயிச்சா பபுளே உடைஞ்சு 20 பாயிண்ட் கையில. அதனால பாபு தள்ளியிருந்தா அஞ்சு ஜோடிக்கு யோசிக்கவே வேணாம், கண்ண மூடிட்டு கால். எங்க செட்டுல நெஜமா நடக்கறது தலைகீழ்: குட்டி குவியல்காரன் தள்ளினா "பாவம், அவனே போகட்டும், வேற யாராவது பாத்துப்பாங்க"ன்னு ஃபோல்டு பண்ணுவாங்க, அண்ணன் தள்ளினா ரோசத்துல கால் பண்ணுவாங்க.

இதெல்லாம் 50, 30, 20-ன்ற பிரிப்புக்கு. பிரிப்ப மாத்தினா அதே கை, அதே சிப், முடிவு வேற. போன வருஷக் கடைசி ஆட்டத்துக்கு நாங்க வேற பரிசு வெச்சோம், முதலாவது வரவனுக்கு மட்டும் கோப்பை, மத்தவங்களுக்குக் கைதட்டல். அந்த ஆட்டத்துல பபுள்னு ஒண்ணே கிடையாது. நாலு பேரு மிச்சம் இருக்கும்போது தாமஸோட நிலைமை வந்தா 46 சதவீதமே போதும், சிப்பும் பரிசும் ஒண்ணுக்கு ஒண்ணு நேரா ஓடும். அஞ்சு ஜோடி தாராளமா கால்.

இதுக்கு எதிர் துருவம், முதல் மூணு பேருக்கும் ஒரே பரிசு. வெளிய இத சாட்டிலைட்னு சொல்வாங்க, பெரிய டோர்னமெண்டுக்கு நுழைவு சீட்டுதான் பரிசு, முதலாவது வந்தவனுக்கும் ஒரு சீட்டு, மூணாவது வந்தவனுக்கும் அதே ஒரு சீட்டு. நம்ம நாலு பேர அதுல உக்கார வெச்சு பாருங்க. தாமஸ் ஃபோல்டு பண்ணா முதல் மூணுக்குள்ள வர வாய்ப்பு 80 சதவீதம். கால் பண்ணி ஜெயிச்சா 96. ஏற்கெனவே 80 கையில இருக்கு, ஜெயிச்சாலும் கூட வரப்போறது 16 தான், தோத்தா 80-ம் காலி. சரிக்கு சரி ஆக 83.6 சதவீதம் வேணும். எந்தக் கார்டோடயும் தள்ற அண்ணனுக்கு எதிரா கிங் ஜோடி 82.4 தான். அதாவது கிங் ஜோடிய ஃபோல்டு பண்ணணும்! ஏஸ் ஜோடி மட்டும் 85, அது ஒண்ணுதான் கால். சாட்டிலைட்ல நல்லா ஆடறவங்க கிங் ஜோடிய தூக்கிப் போடறத பாத்து புதுசா வந்தவங்க சிரிப்பாங்க, ஆனா அங்க முதலாவது வரதுக்குத் தனியா ஒரு மரியாதையும் கிடையாதே.

46, 69, 84. கார்டு மாறல, சிப்பு மாறல, ஆளு மாறல. பரிசு எப்படிப் பிரிஞ்சிருக்குன்றது மட்டும் மாறுச்சு.

அப்போ மாடியில உக்காந்துனு இத்தனை பெருக்கல் வகுத்தல் பண்ண முடியுமா? முடியாது, பண்ணவும் வேணாம். நான் ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ஒரே ஒரு எண்ண மட்டும் பாத்து வெச்சுப்பேன். பபுள் நேரத்துல ஒரு சராசரி குவியலோட மதிப்பு என்ன, அதுக்கு எதிரா கடைசி பரிசு எவ்ளோ பெருசு. எங்க லீக்ல நாலு பேருக்கு நூறு பாயிண்ட், சராசரி 25. கடைசி பரிசு 20. அதாவது ஒரு சராசரி ஆளு தன் மதிப்புல அஞ்சுல நாலு பங்க கோட்டத் தாண்டினாலே எடுத்துடலாம். அதனால இந்த பபுள் ரொம்ப கெட்டி.

பெரிய டோர்னமெண்டுல இந்த எண் வேற மாதிரி. லாஸ் வேகாஸ்ல நடக்கற வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவண்ட் 2023-ல 10,043 பேரு ஆடினாங்க, நுழைவு 10,000 டாலர், பரிசுத் தொகை மொத்தம் 9.34 கோடி டாலர், முதல் பரிசு 1.21 கோடி டாலர், 1,507 பேருக்குப் பரிசு, அதுல கடைசி பரிசு 15,000 டாலர். 1,508 பேரு மிச்சம் இருக்கும்போது சராசரி குவியலோட மதிப்பு கிட்டத்தட்ட 62,000 டாலர். கடைசி பரிசு அதுல கால் பங்கு கூட இல்ல. அதனால சராசரி குவியல் வெச்சிருக்கறவருக்கு அங்க பபுள் அபராதம் எங்களுது அளவுக்கு இருக்காது, பணம் எல்லாம் மேல தானே குவிஞ்சு கிடக்கு. ஆனா டிவியில பாத்தீங்கன்னா அந்த நேரத்துல அத்தனை பேரும் கல்லு மாதிரி உக்காந்திருப்பாங்க, ஒவ்வொரு மேசையிலயும் கை முடியற வரைக்கும் மத்த மேசை காத்திருக்கணும்னு ஹேண்ட்-ஃபார்-ஹேண்ட் முறை வேற. குட்டி குவியல் வெச்சிருக்கறவங்க அப்படி உக்கார்றது நியாயம், அவங்களுக்கு அந்த 15,000 தான் பெரும்பங்கு. நடுத்தரக் குவியல்காரரும் அதே பயத்த கடன் வாங்கிட்டு உக்காந்தா அது பெரிய குவியல்காரருக்குக் கொடுக்கற தானம்.

இந்தக் கணக்குலயும் ஓட்டை இருக்கு, அத சொல்லாம விட்டா அடுத்த வாரம் என்ன உக்கார வெச்சு கேப்பாங்க. ஐசிஎம்-முக்கு எல்லாரும் ஒரே திறமை. பாபு எங்கள்லயே நல்லா ஆடறவன், அவனோட 2,000-மும் எங்க வீட்டுக்கு வந்த என் மச்சானோட 2,000-மும் கணக்குக்கு ஒண்ணுதான், நெஜத்துல ஒண்ணு இல்ல. அதே மாதிரி அடுத்த பிளைண்ட் யாருக்கு வருதுன்னும் அதுக்குத் தெரியாது. அன்னைக்கு அடுத்த கையில சின்ன பிளைண்ட் தாமஸ், பெரிய பிளைண்ட் நான், அதுக்கு அடுத்த கையில பெரிய பிளைண்ட் பாபு. 2,000-ல 400 கட்டாயமா போடணும். ரெண்டே கையில பாபு கழுத்துக்குக் கத்தி வருதுன்னா தாமஸ் பொறுமையா இருக்கறதுக்கு இன்னும் ஒரு காரணம் கூடுது, அவனோட நெஜ மதிப்பு 25.6-ஐ விட கொஞ்சம் மேல. பாபு அப்பதான் பிளைண்ட் கட்டி முடிச்சிருந்தா இது தலைகீழா போகும். பிளைண்ட் வேகமா ஏறற ஆட்டத்துல இந்த ஓட்டை இன்னும் பெருசு, ஏன்னா ஃபோல்டு பண்ணி காப்பாத்தின சிப்ப பிளைண்டே தின்னுடும். எங்களுது பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறும், அதனால நான் 69-னு வந்தா 66, 67 இருக்கற கைய பெருசா பொருட்படுத்த மாட்டேன், 60 இருக்கற கைய தூக்கிப் போட்டுடுவேன்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. தாமஸ் கிட்ட 10,000, என்கிட்ட 5,000, அண்ணன் 3,000, பாபு 2,000. இப்போ ரவுடி நாற்காலி தாமஸுக்கு. நாங்க மூணு பேரும் அவனுக்கு பயப்படணும், குறிப்பா நான், ஏன்னா எனக்குக் கீழ ரெண்டு குட்டி குவியல் இருக்கும்போது நான் வெளிய போனா அதவிட கேவலம் இல்ல. அவன் ஒவ்வொரு கையும் தள்ளியிருந்தா நான் ஏஸ்-கிங்க கூட வலியோட தூக்கிப் போட்டிருப்பேன். ஆனா தாமஸ் "ஜெயிச்சத காப்பாத்தணும்டா"ன்னு கைய கட்டினு உக்காந்துட்டான், கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ஃபோல்டு. நான் நிம்மதியா அவன் பிளைண்ட ரெண்டு தடவை எடுத்துட்டேன், பாபு பெரிய பிளைண்ட்ல மாட்டி அண்ணன் கிட்ட தோத்து நாலாவதா எழுந்துட்டான். தாமஸ் கடைசியில ரெண்டாவது, 30 பாயிண்ட். அவன் பட்டியல்ல அந்த 30-ஐ காட்டி இன்னும் கேட்டுனுதான் இருக்கான், கால் எப்படி தப்புன்னு.